சுண்ணாம்புப் பாறை மேல் அஸ்திவாரம்: நான்காவது துளையில் கம்பி தானாக இறங்கினால்

கேள்வி: "சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் 20க்கு 15 மீட்டர் அளவில் மூன்று மாடிக் கட்டடம் கட்ட மண் பரிசோதனை செய்தோம். நான்கு துளை போட்டதில் மூன்றில் 6 மீட்டரிலேயே பாறை வந்துவிட்டது. நான்காவதில் 8 மீட்டருக்குக் கீழே மண் சேறு மாதிரி ஆகி, 9.4 மீட்டரில் கம்பி தானாகவே ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. உள்ளே விட்ட தண்ணீரும் திரும்பி வரவில்லை. மேலே நல்ல கெட்டிக் களிமண்தானே, 1.5 மீட்டரில் ஃபூட்டிங் போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். ஜிபிஆர் எடுத்தால் அடியில் பொந்து இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?"

தெரியாது. ஜிபிஆர் என்பது தரைக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ராடார், உங்கள் மண்ணில் அந்த அலை அந்த ஆழத்தை எட்டவே எட்டாது. ஃபூட்டிங் விஷயத்தில் இப்போதைக்குக் கையை வைக்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த நான்காவது துளை இன்னும் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் சிமெண்ட் கிரவுட் ஊற்றி அடியிலிருந்து மேல்வரை மூடச் சொல்லுங்கள். திறந்த துளை என்பது மழைத்தண்ணீர் நேராகப் பாறையின் வாய்க்குப் போக நாமே போட்டுக் கொடுத்த குழாய். இத்தனை நாள் அசையாமல் நின்ற மண்ணை அந்தத் தண்ணீரே கரைத்து இறக்கிவிடும்.

இனி ஏன் என்பதற்கு வருவோம். சுண்ணாம்புப் பகுதி என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது, அடியில் ஒரு குகை, அதன் கூரை உடைந்து வீடு உள்ளே போவது. அப்படியும் நடக்கும், ஆனால் அபூர்வம். மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது என்பது உண்மைதான். அந்த வேகம் ஆயிரம் ஆண்டுக்குச் சில பத்து மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருக்கும். ஒரு கட்டடத்தின் ஆயுளில் சுண்ணாம்புப் பாறையில் புதிதாகப் பொந்து உருவாகாது. இருக்கிற பொந்து சொல்லிக்கொள்ளும்படி பெரிதாகவும் ஆகாது. (ஜிப்சமும் உப்புப் பாறையும் இதைவிடப் பல மடங்கு வேகமாகக் கரையும். நான் சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.) கட்டடங்களை உண்மையில் கெடுப்பது பாறையின் மேலே கிடக்கும் மண்தான். பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு வழியாக மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது. அதனால் பாறைக்கு மேலே, மண்ணுக்குள் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. களிமண் கெட்டியாக இருந்தால் அது வில்வளைவாக நின்று மேலே உள்ள பாரத்தைத் தாங்கும். வளைவின் அடிப்பகுதி உதிர உதிர, வெற்றிடம் மேலே ஏறிக்கொண்டே வரும். கடைசியில் கூரை மெலிந்து ஒரே நாளில் விழும். களிமண் கெட்டியாக இருப்பதால்தான் மேலே ஒன்றும் தெரியாமல் இருக்கிறது. ஒப்பந்ததாரர் நல்லது என்று சொல்லும் அதே குணம்தான் ஆபத்தை மறைத்தும் வைக்கிறது. மணலாக இருந்தால் மணல் கடிகாரம் போலத் தரையே மெல்லப் பள்ளமாகி முன்கூட்டியே காட்டிக் கொடுத்திருக்கும்.

இதற்குப் பாறையில் பெரிய குகை வேண்டியதில்லை. முப்பது சென்டிமீட்டர் அகல வெடிப்பு போதும். போகும் மண் தங்குவதற்கோ, ஓடும் நிலத்தடி நீரோடு அடித்துப் போவதற்கோ கீழே இடம் இருந்தால் பல பத்து கன மீட்டர் மண் அந்த வழியாகப் போய்விடும். மண்ணை நகர்த்துவது தண்ணீர். உடைந்த குழாய், கூரைத் தண்ணீரை இறக்கும் உறிஞ்சுகுழி, தேங்கிய மழை எதுவானாலும் மேலிருந்து அடித்துக்கொண்டு போகும். இன்னொரு பக்கம், நிலத்தடி நீர்மட்டம் பாறையின் தலைக்குக் கீழே இறங்கினால் மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த நீரின் மிதப்பு போய்விடும். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பயிரைக் கடும் பனியிலிருந்து காக்க விவசாயிகள் நாள்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்தபோது, ஒரே வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலம் உள்வாங்கியது. தென்னாப்பிரிக்காவின் டோலமைட் பகுதியில், தங்கச் சுரங்கத்துக்காக நீரை வெளியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரீஃபான்டெயின் சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை முழுவதுமாக மண்ணுக்குள் போய் 29 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் பாறை திடீரென்று மாறிவிடவில்லை, நீர்மட்டம் மாறியது.

இப்போது உங்கள் நான்காவது துளையைப் பார்ப்போம். எஸ்பிடி என்பது சுத்தியலால் குழாயை மண்ணுக்குள் அடித்து, இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணும் சோதனை. சாதாரண நிலத்தில் ஆழம் போகப் போக அந்த எண்ணிக்கை கூடும். சுண்ணாம்பு நிலத்தில் பல சமயம் தலைகீழாக இருக்கும்: மேலே காய்ந்த களிமண்ணில் 15, 20 என்று வந்து, பாறையை நெருங்கும்போது 4, 2 என்று இறங்கும். அறிக்கையில் 8 மீட்டருக்குக் கீழே என்ன எண்ணிக்கை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "கம்பியின் எடையிலேயே இறங்கியது" என்று இருந்தால் அந்த மண்ணுக்குத் தாங்கும் வலு ஏறக்குறைய இல்லை. ஆனால் பாறைக்குச் சற்று மேலே மண் மெத்தென்று இருப்பதாலேயே அது உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பாறை முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய களிமண் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். சேறு மாதிரி மண், கம்பி விழுந்தது, தண்ணீர் திரும்பாதது என்று மூன்றும் ஒரே துளையில், ஒரே ஆழத்தை ஒட்டி வந்திருப்பதுதான் கவலைக்குரியது.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது: அந்த இடத்தில் 9.4 மீட்டரில் ஒரு வெற்றிடமோ அதற்குச் சமமான தளர்ச்சியோ இருக்கிறது, தண்ணீர் வெளியேற அதற்கு வழியும் இருக்கிறது. மற்ற துளைகளில் 6 மீட்டரில் இருந்த பாறைத் தலை இங்கே ஏறக்குறைய மூன்றரை மீட்டராவது கீழே போயிருக்கிறது. சந்தேகத்துக்குரியது: அது இரண்டு பாறை முகடுகளுக்கு இடையேயுள்ள குறுகிய பிளவா, பல மீட்டர் அகலப் பழைய உள்வாங்கு குழியா, மண் இன்றைக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பவை. ஒரு துளையை வைத்து இதற்குப் பதில் சொல்கிறவரை நம்ப வேண்டாம், அவர் நல்ல செய்தி சொன்னாலும் சரி. மற்ற மூன்று துளைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 6 மீட்டரில் பாறை தட்டியதும் நிறுத்திவிட்டார்களா, அல்லது பாறைக்குள் சில மீட்டர் இறங்கி மாதிரி எடுத்தார்களா? மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் பெரிய பாறைத் துண்டு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பு இரண்டுமே துளைக்கருவிக்குப் பாறை மாதிரிதான் தெரியும். தொடர்ச்சியாக 5 மீட்டர் நல்ல பாறைக்குள் போகாத துளையை நான் "பாறை கிடைத்த துளை" என்று எண்ண மாட்டேன்.

நான்கு துளை ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் கட்டடப் பரப்பு 300 சதுர மீட்டர். அடியில் எங்கோ 2.5 மீட்டர் விட்டமுள்ள பொந்து ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 4.9 சதுர மீட்டர். நான்கு துளைகளில் ஏதாவது ஒன்று அதைத் தொடும் வாய்ப்பு 4 பெருக்கல் 4.9 வகுத்தல் 300, அதாவது ஆறரை சதவீதம். தப்பாமல் பிடிக்க வேண்டுமானால் சதுரக் கட்டமாக ஏறத்தாழ 1.75 மீட்டருக்கு ஒரு துளை, மொத்தம் நூற்றை ஒட்டிய துளைகள் வேண்டும். யாரும் அப்படிப் போட மாட்டார்கள். போடவும் கூடாது, ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வழி. உங்கள் நான்காவது துளை அதிர்ஷ்டத்தில் பட்டிருக்கலாம், அல்லது அடியில் இப்படிப்பட்டவை நிறைய இருப்பதால் பட்டிருக்கலாம். இரண்டாவதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு தேடுவது நல்லது.

எங்கே துளை போடுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் ஜியோபிசிக்ஸ், அதாவது தோண்டாமல் தரைக்கு மேலிருந்தே அளந்து பார்க்கும் முறைகள். அதுவே முடிவு சொல்லிவிடாது. ஜிபிஆர் அனுப்புவது மின்காந்த அலை. ஈரக் களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலையை உறிஞ்சிவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவிலும் அப்படிப்பட்ட மண்ணில் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நம்பிப் படிக்க முடியாது. காய்ந்த மணலிலோ, மண் இல்லாத வெறும் பாறையிலோ பத்து மீட்டருக்கு மேலும் நன்றாக வேலை செய்யும். உங்களுக்குத் தேவைப்படும் 6 முதல் 12 மீட்டர் ஆழத்துக்கு அது வெறும் செலவு. ஜிபிஆர் படத்தில் "ஒன்றும் இல்லை" என்று வருவதற்கு, அலை அங்கே போகவில்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

களிமண் மூடிய சுண்ணாம்பு நிலத்துக்கு முதலில் எடுக்க வேண்டியது மின்தடை வரைபடம், அதாவது ரெசிஸ்டிவிட்டி டோமோகிராஃபி. தரையில் வரிசையாக மின்முனைகளை அடித்து, மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் எவ்வளவு எதிர்க்கின்றன என்று பார்ப்பது. களிமண் பொதுவாகப் பத்து முதல் நூறு ஓம் மீட்டருக்குள் இருக்கும். கெட்டிச் சுண்ணாம்புப் பாறை பல நூறிலிருந்து ஆயிரங்கள் வரை போகும். இந்த வித்தியாசம் பெரிது என்பதால் பாறைத் தலை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது நன்றாகத் தெரியும். அந்தப் படத்தில் பொந்தைத் தேடாதீர்கள். பாறைத் தலை "V" வடிவில் கீழே இறங்கும் இடங்களைத் தேடுங்கள், மண் இறங்கும் வாய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காற்று நிறைந்த பொந்தின் மின்தடையும் அதிகம், சுற்றியுள்ள பாறையின் மின்தடையும் அதிகம் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தண்ணீர் நிறைந்ததும் களிமண் நிறைந்ததும் இரண்டுமே குறைவாகக் காட்டும், அவற்றையும் பிரிக்க முடியாது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எட்டும் ஆழம் வரிசையின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் நடுப்பகுதியில் மட்டும். 2 மீட்டர் இடைவெளியில் 48 மின்முனைகள் அடித்தால் 94 மீட்டர் நீளம், நடுவில் 18 மீட்டர் ஆழம்வரை கிடைக்கும். உங்கள் மனைக்குள் மட்டும் 40 மீட்டர் வரிசை போட்டால் 8 மீட்டரோடு நின்றுவிடும், கம்பி விழுந்த ஆழத்தைத் தொடவே தொடாது. ஆகவே வரிசை பக்கத்து நிலத்துக்குள் நீள வேண்டும், கட்டடப் பகுதி அதன் நடுவில் வர வேண்டும். 5 மீட்டர் இடைவெளியில் நான்கு இணை வரிசைகளும் குறுக்கே ஒன்றும் போதுமானது. அவற்றில் ஒன்று கட்டாயம் நான்காவது துளையின் மேலேயே போகட்டும். அங்கே என்ன இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும். தெரிந்த இடத்தில் படம் என்ன காட்டுகிறது என்று பார்த்தால்தான் தெரியாத இடத்தில் அதைப் படிக்க முடியும். பக்கத்தில் புதைத்த இரும்புக் குழாயோ கம்பி வேலியோ இருந்தால் அந்தப் பகுதிப் படத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

மைக்ரோகிராவிட்டி என்ற ஈர்ப்பு அளவீட்டையும் சிலர் சொல்வார்கள். கொள்கை அழகானது: பொந்து இருக்கும் இடத்தில் நிறை குறைவு, அதனால் ஈர்ப்பும் துளி குறையும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது. 6 மீட்டர் ஆழத்தில் மையம் கொண்ட, காற்று நிறைந்த 2.5 மீட்டர் விட்டக் கோளப் பொந்து தரையில் ஏற்படுத்தும் மாற்றம், ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகில், சுமார் 4 மைக்ரோகேல். நல்ல கருவியோடு களத்தில் கவனமாக எடுத்தாலும் 5 மைக்ரோகேல் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும், ஆகவே அது தெரியாது. அதே ஆழத்தில் 5 மீட்டர் விட்டம் என்றால் 30 மைக்ரோகேல், தெளிவாகத் தெரியும். அதே 5 மீட்டர் பொந்தில் களிமண் அடைத்திருந்தால் திரும்பவும் 7க்கு இறங்கிவிடும். கருவியின் உயரத்தை ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தாலே 3 மைக்ரோகேல் மாறிவிடும். உங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு இது இரண்டாம் பட்சம்தான். மின்தடைப் படத்தில் பாறைக்குள் சந்தேகமான பெரிய பகுதி ஏதாவது வந்தால் அப்போது யோசிக்கலாம்.

படம் வந்த பிறகுதான் துளைகள். பாறையின் மாதிரித் துண்டை வெளியே எடுக்கும் விலை உயர்ந்த துளைகள் எல்லா இடத்திலும் வேண்டாம். மண்ணுக்குக் கோன் சோதனை, பாறைக்குச் சாதாரணத் துளைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். கோன் சோதனையில் ஒரு கூர்முனைக் கம்பியை நிதானமாக அழுத்தி, எதிர்ப்பைத் தொடர்ச்சியாக எழுதுவார்கள். எஸ்பிடி பொதுவாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள், நடுவில் உள்ள சன்னமான சேற்று அடுக்கு தப்பிவிடும். கோனில் தப்பாது. தண்ணீரோ காற்றோ உள்ளே விடுவதில்லை என்பதால் மண்ணையும் கலைக்காது. முதலில் நான்காவது துளையைச் சுற்றி 2 மீட்டர் தள்ளி நான்கு திசையிலும் நான்கு. எந்தப் பக்கம் மோசமோ அந்தப் பக்கம் இன்னும் 2 மீட்டர் தள்ளி அடுத்தது, நல்ல மண் வரும்வரை. இப்படிக் குழியின் எல்லை கிடைத்துவிடும். பிறகு மின்தடைப் படத்தில் V விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்று, ஒவ்வொரு தூண் வரும் இடத்திலும் ஒன்று.

பாறைக்குக் காற்றழுத்தத் துளைப்பு எந்திரம் போதும், ஆனால் பக்கத்தில் ஒருவர் கடிகாரமும் நோட்டும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் எத்தனை வினாடி ஆனது, தூள் மேலே வருகிறதா, என்ன நிறம் என்று எழுத வேண்டும். அந்த எந்திரம் நல்ல பாறையில் அரை மீட்டருக்கு 60 வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே 8 வினாடியில் இறங்கி, வெள்ளைத் தூள் சிவப்புச் சேறாக மாறினால் அது மண் அடைத்த பிளவு. தூளே வராமல் காற்று மறைந்து, கம்பி திடீரென்று விழுந்தால் வெற்றிடம். தூள் வருகிறது, நேரம் மட்டும் கூடிக் குறைகிறது என்றால் பெரும்பாலும் பாறையின் தன்மை மாற்றம்தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. விழுந்த ஆழம், நின்ற ஆழம் இரண்டையும் எழுதாமல் "பொந்து இருந்தது" என்று மட்டும் எழுதிய அறிக்கையால் பயனில்லை. துளைக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தால் வெற்றிடம் எந்தப் பக்கம் நீள்கிறது என்று தெரியும், செலவும் அதிகமில்லை. சந்தேக இடத்தில் எந்திரத்தை நிறுத்தும்போது வெளியிலிருந்து உள்நோக்கி நெருங்குங்கள். சக்கரத்தின் அடியில் அகலமான இரும்புத் தகடு போடுங்கள். எந்திரத்தின் அதிர்வும் காற்றழுத்தமும் சேர்ந்து மெலிந்த மண் கூரையை அப்போதே விழவைத்துவிடலாம்.

ஒவ்வொரு துளையையும் மூடும்போது எவ்வளவு கிரவுட் போனது என்று எழுதுவது இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு பரிசோதனை. 100 மில்லிமீட்டர் விட்டம், 12 மீட்டர் ஆழம் என்றால் துளையின் கொள்ளளவு 94 லிட்டர். சுவர்க் கசிவையும் சேர்த்து 120, 150 லிட்டர் போனால் இயல்பு. ஆயிரம் லிட்டர் விட்டும் நிரம்பவில்லை என்றால், துளைப்பில் ஒன்றும் தெரியாத அந்த இடத்திலும் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. அத்தோடு நீர்மட்டத்தையும் ஒரு நாள் கழித்து அளந்து, மழைக்காலத்திலும் கோடையிலும் மறுபடி அளக்க வேண்டும். நீர்மட்டம் பாறைத் தலைக்கு மேலும் கீழும் போய்வரும் இடம்தான் மோசமானது. எப்போதும் மேலேயோ எப்போதும் கீழேயோ நிற்கும் இடத்தில் மண் அவ்வளவாகக் கலையாது.

இனி அஸ்திவாரம். 1.5 மீட்டரில் தனித்தனி ஃபூட்டிங் என்பதில், மேல் களிமண்ணின் தாங்குதிறன் கணக்கு சரியாகவே வரும். 70 டன் தூணுக்கு 2க்கு 2 மீட்டர் ஃபூட்டிங், சதுர மீட்டருக்கு 17.5 டன், கெட்டிக் களிமண் தாங்கிவிடும். ஆனால் அடியில் 3 மீட்டர் அகலக் குழி விழுந்தால் அந்த ஃபூட்டிங் முழுதாக அதற்குள் அடங்கிவிடும், தூணைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதே கட்டடத்தை ஒரே ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் பலகை மேல் வைத்தால் அடியில் வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 5 டன்தான். 3 மீட்டர் குழிக்கு மேலே உள்ள பாரம் ஏறக்குறைய 35 டன், அதை ராஃப்ட் சுற்றியுள்ள மண்ணுக்குக் கடத்திவிடும். ஆழமான உத்தரங்களோடு, "எந்த இடத்தில் இவ்வளவு அகலக் குழி விழுந்தாலும் தாங்கும்" என்று கணக்கிட்டுக் கம்பி போட வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது மூலைகள். நடுவில் குழி விழுந்தால் ராஃப்ட் இரண்டு பக்கமும் ஊன்றிய பாலம் மாதிரி நிற்கும். மூலையில் விழுந்தால் ஒரு பக்கம் மட்டும் ஊன்றி நீட்டிக்கொண்டிருக்கும். அதே நீளத்துக்கு வளைவு விசை நான்கு மடங்காகிவிடும். அதனால் ராஃப்ட்டைச் சுவருக்கு வெளியே ஒரு மீட்டராவது நீட்டுவதும், மூலைகளில் மேற்கம்பி கூட்டுவதும் வழக்கம்.

எவ்வளவு அகலக் குழிக்குக் கணக்கிடுவது என்பதில் சூத்திரம் எதுவும் கை கொடுக்காது, பொறியாளரின் தீர்ப்புதான். 3 முதல் 5 மீட்டர் என்று எடுப்பது வழக்கமாக நடப்பது. இது களிமண்ணுக்கு. 9 மீட்டர் மண்ணும் மணலாக இருந்தால் சரிவு 45 பாகையில் உதிர்ந்து மேலே 18, 20 மீட்டர் வாய் திறக்கும். அதை எந்த ராஃப்ட்டாலும் தாண்ட முடியாது, மண்ணைத்தான் சரிசெய்ய வேண்டும். ராஃப்ட்டிலும் ஒரு குறை உண்டு. அடியில் வெற்றிடம் வளர்ந்தாலும் மேலே விரிசல் காட்டாமல் தாங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ராஃப்ட்டில் நாலைந்து இடத்தில் மூடியோடு கூடிய சின்னக் குழாய் விட்டு, ஆண்டுக்கொரு முறை கம்பி விட்டு அடியில் இடைவெளி வந்திருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இதை எழுதிக் கேட்டால் ஒழிய யாரும் செய்ய மாட்டார்கள்.

பைல், அதாவது பாறைவரை இறக்கும் கான்கிரீட் தூண் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சிலர் சொல்வார்கள். பாறையின் வலிமை பற்றிக் கவலையே இல்லை. 600 மில்லிமீட்டர் பைலில் 70 டன் வந்தால் அடியில் 2.5 மெகாபாஸ்கல்தான், நல்ல சுண்ணாம்புப் பாறை அதைப் போலப் பல மடங்கு தாங்கும். கவலை, பைல் நிற்பது பாறையிலா, பாறைத் துண்டின் மேலா, சரிவான முகட்டின் ஓரத்திலா என்பதுதான். அதனால் ஒவ்வொரு பைலின் அடியிலும் 5 மீட்டர் தேடல் துளை போடாமல் கான்கிரீட் ஊற்றக் கூடாது. அதில் பொந்து வந்தால், பைல் அடிக்கும் பொந்துக்கும் நடுவே பொந்தின் அகலத்துக்குக் குறையாத தடிமனில் விரிசல் இல்லாத பாறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொதுவாகப் பாதுகாப்பானது. பாறை அடுக்கடுக்காகவோ வெடிப்போடோ இருந்தால் இந்த விதி செல்லாது, தனியாகக் கணக்கிட வேண்டும். மூன்று மாடிக்கு நான் ராஃப்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பைல் துளைக்க விடும் தண்ணீரே நான்காவது துளை மாதிரியான இடத்தை எழுப்பிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம்.

அந்த நான்காவது இடத்தை அப்படியே விட்டு மேலே ராஃப்ட் போடக் கூடாது. ஆழம் குறைவாக இருந்தால் தோண்டி, பாறையின் வாயைக் கண்ணால் பார்த்து, வாயில் சிக்கி நிற்கும் அளவுக்குப் பெரிய கற்கள், அதன்மேல் சின்னக் கற்கள், அதன்மேல் ஜல்லி, மணல், நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி என்று அடுக்கி, மேலே இறுக்கிய களிமண்ணால் மூடுவார்கள். தண்ணீர் போகும், மண் போகாது. வாயைக் கான்கிரீட்டால் முழுக்க அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி தேடிக்கொள்ளும், பத்து மீட்டர் தள்ளிக் குழி விழும். உங்களுக்கு 9.4 மீட்டர் என்பதால் தோண்டுவது கடினம். துளை வழியாகக் கெட்டியான மணல்-சிமெண்ட் கலவையை முதலில் பாறைத் தலையில் அழுத்தி வாயைச் சுருக்கிவிட்டு, பிறகு மேலே ஏறிக்கொண்டே தளர்ந்த மண்ணை இறுக்குவதுதான் வழி. இப்படிச் செய்தாலும் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும் ஆபத்து முழுதாகப் போகாது, அதனால்தான் தண்ணீரை வேறு வழியில் திருப்புவதும் கட்டாயமாகிறது. கலவை நீர்த்துப்போய் இருந்தால் கண்காணாத குகைக்குள் ஓடிவிடும், கணக்கு எகிறும். ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு அளவுக்கு மேல், எவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது, தரை எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தால் நிறுத்த வேண்டும் என்ற மூன்று வரம்புகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீரை விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். கூரைத் தண்ணீர் முழுதும் மூடிய குழாயில் மனைக்கு வெளியே போக வேண்டும். உறிஞ்சுகுழியோ கழிவுநீர் ஊறும் குழியோ கட்டடத்தின் அருகே கூடாது. தரைக்கடியில் போகும் குழாய்கள் மண் சற்றே இறங்கினாலும் உடையாத நெகிழ் இணைப்போடு இருக்கட்டும். மூடுவதற்கு முன் தண்ணீர் அடைத்து அழுத்தச் சோதனை செய்து, பிறகு சில ஆண்டுக்கு ஒரு தடவை அதையே திரும்பச் செய்யுங்கள். சுவரைச் சுற்றித் தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும், கட்டுமானத்துக்குத் தோண்டிய குழியில் மழை தேங்க விடக் கூடாது. கட்டுமானத்தின்போதே பல இடங்களில் குழி விழுவது இந்தத் தேங்கலால்தான். மனைக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்கும் திட்டம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் "அடியில் பொந்து இல்லை" என்று யாரும் சான்றிதழ் தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் எந்த அளவுப் பொந்து, எந்த ஆழம்வரை என்று கேளுங்கள். நேர்மையான அறிக்கையில் வரும் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: இந்தப் பரப்பில், இந்த ஆழம்வரை, இவ்வளவு அகலத்துக்கு மேற்பட்ட பொந்து தப்பியிருக்க வாய்ப்பு குறைவு, அதைவிடச் சிறியது தப்பியிருந்தால் ராஃப்ட் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம். இந்த இரண்டு அளவும் ஒன்றையொன்று தொட வேண்டும். தேடல் 5 மீட்டருக்கு மேற்பட்டதைத்தான் பிடிக்கும், ராஃப்ட் 3 மீட்டரைத்தான் தாண்டும் என்றால் நடுவில் உள்ள 4 மீட்டர் குழிக்கு யாரும் பொறுப்பில்லை. அப்போது துளைகளை நெருக்க வேண்டும், இல்லையென்றால் ராஃப்ட்டைத் தடிமனாக்க வேண்டும். நான்காவது துளை கட்டடத்தின் எந்த மூலையில் வருகிறது என்பதையும், எஸ்பிடி எண்ணிக்கைகளையும், ஒரு நாள் கழித்து அளந்த நீர்மட்டத்தையும் இங்கே போட்டால், கோன் துளைகளை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.